ஆண்டுத் தணிக்கை முடிவைத் தொழிலாளர்கள் முன் சொல்வது: எட்டு நிமிட உரை ஒன்றின் மாதிரியும் விளக்கமும்

கேள்வி: கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆண்டு ஆடிட் முடிந்து அறிக்கை சுத்தமாக வந்துவிட்டது. ஆனால் ஆடிட்டர் தனியாகக் கொடுத்த கடிதத்தில் மூன்று குறைகள் உள்ளன: வெளிப் பட்டறைகளில் ஜாப் ஒர்க்கில் இருக்கும் வார்ப்புகளின் கணக்கு ஒத்துவரவில்லை, சிறு சப்ளையர்களுக்குப் பணம் 45 நாளைத் தாண்டிப் போகிறது, ஸ்டோர்ஸில் ஒரே பாஸ்வேர்டைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் எம்.டி. எல்லாத் தொழிலாளர்கள் முன்னும் எட்டு நிமிடம் பேசப் போகிறார். உரையை நான் எழுதித் தர வேண்டும். எப்படி எழுதுவது?

பதில்:

உரையை எழுதத் தொடங்குவதற்கு முன், அந்த மூன்று குறைகளையும் ஒரு காகிதத்தில் அருகருகே எழுதி, ஒவ்வொன்றும் ஆலையின் எந்த இடத்தில், எந்த நேரத்தில் பிறக்கிறது என்று பின்னோக்கிப் பாருங்கள். ஆடிட்டரின் கடிதத்தில் அவை மூன்று தலைப்புகளாக இருக்கும். ஆலைத் தளத்தில் அவை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. சரக்கு கேட்டைத் தாண்டி உள்ளே வருகிறது, அல்லது வெளியே போகிறது. அதற்கான பதிவு அதே நேரத்தில் நடப்பதில்லை. வார்ப்புக் கணக்கு ஒத்துவராததும், சப்ளையருக்குப் பணம் தாமதமாவதும், இரண்டாம் ஷிஃப்டில் வேறொருவரின் பாஸ்வேர்டு பயன்படுவதும் இந்த ஒரு பழக்கத்தின் மூன்று விளைவுகளாக இருக்கலாம். இதை நீங்கள் உறுதி செய்துகொண்டால், எட்டு நிமிடத்தில் சொல்ல ஒரே செய்தி கிடைத்துவிடும். நானூறு பேர் நின்றுகொண்டு கேட்கும் கூட்டத்தில் மூன்று தனித்தனிச் செய்திகள் தங்குவதில்லை.

அடுத்ததாக, 'சுத்தமான அறிக்கை' என்பதன் பொருளை எம்.டி. சரியாகச் சொல்ல வேண்டும். கணக்கறிக்கை நிறுவனத்தின் நிலையை உண்மையாகவும் நியாயமாகவும் காட்டுகிறது என்று ஆடிட்டர் கருத்துச் சொல்லியிருக்கிறார். அந்தக் கருத்து மாதிரிகளைச் சோதித்து எட்டப்பட்டது. ஒவ்வொரு சீட்டையும் பார்த்துத் தவறே இல்லை என்று கொடுத்த சான்று அல்ல. கடிதத்தில் உள்ள குறைகள் கணக்கறிக்கையையே தவறாக்கும் அளவுக்கு இப்போது இல்லை. கவனிக்காமல் விட்டால் ஆக்கக்கூடியவை. "ஆடிட்டில் பாஸ் ஆகிவிட்டோம்" என்று மேடையில் சொல்லிவிட்டு, மறு வாக்கியத்தில் மூன்று குறைகளைச் சொன்னால், கேட்பவர்களுக்கு இரண்டில் எதை நம்புவது என்று தெரியாது. அதேபோல, "ஆடிட்டில் மாட்டிக்கொண்டோம்" என்ற தொனியும் தவறு. ஆலைகளில் ஆடிட் என்ற சொல்லுக்கே திருடனைப் பிடிக்கும் வேலை என்ற பொருள் படிந்திருக்கிறது. ஸ்டோர்ஸில் வேலை செய்பவர்கள் அந்தக் கூட்டத்துக்கு அந்த அச்சத்தோடுதான் வருவார்கள்.

பேசும் நாளையும் கவனியுங்கள். இயக்குநர் குழு கணக்கை ஏற்று, ஆடிட்டர் அறிக்கையில் கையெழுத்திட்ட பிறகே பேச வேண்டும். மார்ச் 31-இல் ஆண்டு முடியும் கம்பெனி செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நடத்த வேண்டும் என்பதால், ஜூலையில் கையெழுத்தாகியிருந்தால் ஆகஸ்ட் முதல் வாரம் பொருத்தமான காலம்தான். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனியாக இருந்திருந்தால், வெளியிடப்படாத நிதி விவரங்களைப் பற்றி வேறு கட்டுப்பாடுகள் வந்திருக்கும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் லாபம், வங்கிக் கடன் போன்ற எண்கள் இந்த உரைக்குத் தேவையில்லை. ஆடிட்டர் சொன்னதாக வரும் இரண்டு மூன்று வாக்கியங்களை மட்டும் அவரிடம் முன்பே காட்டி, பொருள் மாறவில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, நேரத்தில் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டிய வார்ப்புக் கணக்கைப் பார்ப்போம். உங்கள் எண்கள் என்னிடம் இல்லாததால், விளக்கத்துக்காக ஒரு கணக்கை வைத்துக்கொள்கிறேன். மோட்டார் பாடி வார்ப்புகள் ஃபவுண்டரியிலிருந்து வந்து, வெளியில் உள்ள சிறு லேத் பட்டறைகளுக்குக் கடைசல் வேலைக்குப் போகின்றன. மார்ச் 31-இல் உங்கள் ஏட்டின்படி 3,180 வார்ப்புகள் வெளியே இருக்க வேண்டும். பட்டறைகள் எழுதிக் கொடுத்த இருப்பு 2,742. வித்தியாசம் 438. ஆடிட்டர் கடிதத்தில் இந்த 438 என்ற எண் மட்டுமே இருக்கும். அதை அப்படியே மேடையில் வாசித்தால், அடுத்த நிமிடமே 438 வார்ப்புகள் திருடுபோய்விட்டன என்ற பேச்சு கேன்டீனுக்குப் போய்விடும்.

எனவே அந்த எண்ணை முதலில் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு டெலிவரி சலானையும் எடுத்து, அதில் போனது எத்தனை, அதற்கு எதிராகத் திரும்பி வந்தது எத்தனை என்று பட்டறை வாரியாகப் பொருத்துங்கள். இப்படிப் பொருத்தும்போது, 290 வார்ப்புகள் கடைசல் முடிந்து திரும்பி வந்து, ஸ்டோர்ஸிலேயே கணக்குக்கு மேல் கூடுதலாக இருந்தன என்று தெரிகிறது. வரவுச் சீட்டு மட்டும் போடப்படவில்லை. கடைசல் போடும்போது ஊதுதுளை தெரிந்து கழிக்கப்பட்ட 96 வார்ப்புகளைப் பட்டறைக்காரரே நேராக ஃபவுண்டரிக்கு அனுப்பிவிட்டார். அதற்கான பணத்தை ஃபவுண்டரியிடம் கேட்கும் டெபிட் நோட் நம் பக்கம் எழுப்பப்படவில்லை. மீதி 52-க்குத்தான் எந்தத் தடயமும் இல்லை. வார்ப்பு ஒன்று 1,150 ரூபாய் என்றால், அது 59,800 ரூபாய் இழப்பு. 290-இல் பண இழப்பே இல்லை. 96-க்கான பணம் ஃபவுண்டரியிடமிருந்து வர வேண்டியது, கேட்காததால் வரவில்லை. இப்போது மேடையில் சொல்லத்தக்க உண்மையான செய்தி உருவாகிறது: பெரும்பகுதி எழுத்தில் விடுபட்டது, ஒரு பகுதி கேட்டு வாங்க வேண்டிய பணம், சிறு பகுதி உண்மையான இழப்பு.

இந்தப் பிரிவு இல்லாமல் உரையை எழுத வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். ஒரு குறைக்கு என்ன திருத்தம் என்பது அதன் உட்பிரிவைப் பொறுத்தது. 290-க்குத் திருத்தம் கேட்டில் நடக்க வேண்டும். 96-க்குத் திருத்தம் தரச் சோதனையிலும் கொள்முதலிலும் நடக்க வேண்டும். 52-க்குத் திருத்தம் பட்டறைகளிடம் மாதந்தோறும் இருப்பை எழுதி வாங்குவது. மூன்றையும் சேர்த்து "ஸ்டோர்ஸ் கட்டுப்பாடு பலப்படுத்தப்படும்" என்று எழுதினால், அது யாருக்கும் எந்த வேலையையும் தராத வாக்கியம். ஜி.எஸ்.டி. சட்டத்திலும் இதற்கு ஒரு கெடு உண்டு: ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓர் ஆண்டுக்குள் திரும்பி வரவில்லை அல்லது அங்கிருந்தே விற்கப்படவில்லை என்றால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்பட்டு, வரியும் வட்டியும் வரும். வரவுச் சீட்டு போடாத சலான்கள் ஏட்டில் திறந்தே கிடந்தால், உண்மையில் திரும்பி வந்த சரக்குக்கும் இந்தக் கேள்வியை எதிர்கொள்ள நேரிடும்.

இரண்டாவது குறை பலர் நினைப்பதைவிட இதோடு நெருங்கியது. குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தருவதற்கான சட்டக் கெடு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். இந்த நாட்கள் பில் கணக்குப் பிரிவுக்கு வந்த தேதியிலிருந்தோ வரவுச் சீட்டுத் தேதியிலிருந்தோ எண்ணப்படுவதில்லை. சரக்கு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. குறை இருக்கிறது என்று 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்திருந்தால் மட்டும், அந்தக் குறை தீர்ந்த நாளிலிருந்து. ஆகவே கேட்டில் 1-ஆம் தேதி இறங்கிய சரக்குக்கு 9-ஆம் தேதி வரவுச் சீட்டு போட்டு, தரச் சோதனை 16-ஆம் தேதி முடிந்து, பில் 20-ஆம் தேதி கணக்குப் பிரிவுக்கு வந்தால், மென்பொருள் அந்த 20-ஆம் தேதியிலிருந்து 45 நாள் எண்ணிக்கொண்டிருக்கும். சட்டம் 1-ஆம் தேதியிலிருந்தே எண்ணத் தொடங்கிவிட்டது. 19 நாட்கள் ஆலைக்குள்ளேயே போய்விட்டன. கெடு தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். வருமான வரிக் கணக்கிலும், கெடு தாண்டிய தொகை உண்மையில் செலுத்தப்பட்ட ஆண்டில்தான் செலவாகக் கழிக்கப்படும். உங்கள் கடைசல் பட்டறைகளில் பல இந்தக் குறு நிறுவன வகையைச் சேர்ந்தவையாகவே இருக்கும். அவர்களிடமே இருப்புக் கணக்கையும் கேட்டு, பணத்தையும் தாமதித்தால், கணக்கு ஒழுங்காக வராது.

மூன்றாவது குறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு பதிவையும் மாற்றத்தையும் தேதியோடு தானாகவே குறித்து வைக்க வேண்டும், அதை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று விதி உள்ளது; ஆடிட்டரும் அதைப் பற்றித் தம் அறிக்கையில் சொல்ல வேண்டும். குறிப்பில் ஒரு பயனரின் பெயர் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் நான்கு பேர் பதிவு செய்கிறார்கள் என்றால், குறிப்பு இருந்தும் அது எதையும் காட்டாது. பாஸ்வேர்டைப் பகிர்ந்தவர் ஏன் பகிர்ந்தார் என்று கேளுங்கள். இரண்டாம் ஷிஃப்டில் ஸ்டோர்ஸுக்கு ஆளே இல்லாமல் இருந்து, லோடு வந்து நிற்கும்போது யாரோ ஒருவர் பதிவு செய்தே ஆக வேண்டிய நிலை இருந்திருந்தால், அது நிர்வாகம் ஆள் போடாத குறை. அதை எம்.டி.யே சொல்ல வேண்டும்.

வாக்குறுதிகளின் தேதிகளை மார்ச் 31-இலிருந்து பின்னோக்கி எண்ணி வையுங்கள். விற்பனை 50 கோடிக்கும் கடன் 25 கோடிக்கும் குறைவாக உள்ள பிரைவேட் கம்பெனிகள் நீங்கலாக மற்றவற்றில், நிதி அறிக்கை தொடர்பான உள்கட்டுப்பாடுகள் ஆண்டு முடிவு நாளில் சரியாக இயங்கினவா என்று ஆடிட்டர் தனிக் கருத்துச் சொல்ல வேண்டும். ஒரு கட்டுப்பாடு இயங்குகிறது என்று அவர் ஏற்க, அது பலமுறை நடந்த சான்று வேண்டும். பட்டறைகளிடம் மாத இருப்பு வாங்குவதைச் செப்டம்பரில் தொடங்கினால் மார்ச்சுக்குள் ஏழு மாதச் சான்று இருக்கும். ஜனவரியில் தொடங்கினால் மூன்றுதான். நடைமுறை விதிகளை எழுதி முடித்த நாளைத் திருத்தம் முடிந்த நாளாகச் சொல்லிவிட வேண்டாம். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். ஒவ்வொரு வாக்குறுதியிலும் செய்ய வேண்டிய பதவி, தொடங்கும் தேதி, எல்லோரும் பார்க்கக்கூடிய ஓர் எண் ஆகிய மூன்றும் இருக்கட்டும்.

மேலே எடுத்துக்கொண்ட எண்களை வைத்து எழுதிய மாதிரி உரை இது. நிதானமாக வாசித்தால் எட்டு நிமிடத்துக்குள் முடியும். மைக் எதிரொலிக்கும் கொட்டகையில் பேசுவதற்கேற்ப வாக்கியங்களைச் சிறியவையாக வைத்திருக்கிறேன்.

"அனைவருக்கும் வணக்கம். முதல் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவர்களும், இரண்டாம் ஷிஃப்டுக்கு வந்தவர்களும் ஒன்றாக நிற்கிறீர்கள். எட்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

நம் கம்பெனியின் ஆண்டுக் கணக்கை ஆடிட்டர் பார்த்து முடித்துவிட்டார். கணக்கு உண்மையாகவும் நியாயமாகவும் இருக்கிறது என்று கையெழுத்திட்டிருக்கிறார். உங்களிடம் பிடித்தம் செய்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகை உரிய நாளில் கட்டப்பட்டிருக்கிறதா என்றும் அவர் பார்த்தார், நிலுவை இல்லை. பி.எஃப். தொகையை உங்கள் பாஸ்புக்கிலேயே நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

அதோடு அவர் ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறார். அதில் மூன்று குறைகளைச் சொல்லியிருக்கிறார். மூன்றும் சரி. அவற்றை உங்களிடம் மறைக்காமல் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

முதல் குறை, கடைசலுக்கு வெளியே போகும் மோட்டார் பாடி. மார்ச் கடைசியில் நம் கணக்குக்கும் பட்டறைகளின் கணக்குக்கும் 438 வித்தியாசம் வந்தது. சலான் சலானாகப் பார்த்தோம். அதில் 290 நம் ஸ்டோர்ஸிலேயே இருந்தன. திரும்பி வந்திருக்கின்றன, வரவு எழுதவில்லை. 96 ஊதுதுளை விழுந்து ஃபவுண்டரிக்குத் திரும்பிப் போனவை. அதற்கான பணத்தை நாம் கேட்கவில்லை, இப்போது கேட்டிருக்கிறோம். மீதி 52 எங்கே போயின என்று தெரியவில்லை. ஏறக்குறைய அறுபதாயிரம் ரூபாய். இந்த 52-க்காக யார் மீதும் பழி சொல்ல நான் வரவில்லை. எழுத்து இல்லாத இடத்தில் யாரையும் கேட்க முடியாது. இனி எழுத்து இருக்கும்.

இரண்டாவது, சிறு சப்ளையர்களுக்குப் பணம். சட்டப்படி 45 நாளுக்குள் கொடுக்க வேண்டியதைச் சிலருக்குத் தாமதமாகக் கொடுத்திருக்கிறோம். சரக்கு கேட்டில் இறங்கிய நாளிலிருந்து அந்த நாட்கள் ஓடுகின்றன. வரவுச் சீட்டு தாமதமானது ஒரு காரணம். தரச் சோதனை தாமதமானது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் நான். பெரிய தொகைப் பில்கள் என் கையெழுத்துக்காக என் மேசையில் காத்திருந்தன.

மூன்றாவது, ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் ஒரே பாஸ்வேர்டைப் பலர் பயன்படுத்தியது. இரண்டாம் ஷிஃப்டில் ஸ்டோர்கீப்பர் இல்லை. லோடு வந்து நின்றால் யாராவது பதிவு செய்துதான் ஆக வேண்டும். ஆளைப் போடாதது நிர்வாகத்தின் தவறு. ஆகவே இதுவரை பாஸ்வேர்டைக் கொடுத்தவர் மீதோ, பயன்படுத்தியவர் மீதோ அந்தக் காரணத்துக்காக நடவடிக்கை இருக்காது.

மூன்று குறைக்கும் வேர் ஒன்றுதான். சரக்கு நகர்கிறது, எழுத்து பின்தங்கிவிடுகிறது. இதைச் சரிசெய்ய நாங்கள் செய்யப் போவதைத் தேதியோடு சொல்கிறேன்.

ஆகஸ்ட் 31-க்குள் இரண்டாம் ஷிஃப்டுக்கு ஒரு ஸ்டோர்கீப்பர் வருவார். இதற்குப் பணியாளர் பிரிவு மேலாளர் பொறுப்பு. செப்டம்பர் 1 முதல், பதிவு செய்கிற ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் இருக்கும். அன்றிலிருந்து மற்றவர் பெயரில் பதிவு செய்யக் கூடாது.

செப்டம்பர் 1 முதல், உள்ளே வரும் எந்தச் சரக்குக்கும் அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் வரவுச் சீட்டு போடப்படும். ஜாப் ஒர்க்கிலிருந்து வந்ததென்றால் எந்தச் சலானில் போனது என்ற எண்ணும் அதில் இருக்கும். ஸ்டோர்ஸ் மேலாளர் பொறுப்பு. தரச் சோதனை மூன்று வேலை நாளில் முடிவு சொல்லும். கழித்த வார்ப்பு நம் கேட்டுக்கு வந்த பிறகுதான் ஃபவுண்டரிக்குப் போகும். பட்டறையிலிருந்து நேராகப் போகக் கூடாது.

ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் எல்லாப் பட்டறைகளிடமும் இருப்பை எழுதி வாங்குவோம். முதல் கணக்கு செப்டம்பர் 5.

சிறு சப்ளையர்களின் பழைய பாக்கியை, சேர வேண்டிய வட்டியோடு, ஆகஸ்ட் 31-க்குள் கொடுத்துவிடுவோம். நிதி மேலாளர் பொறுப்பு. என் கையெழுத்துக்கு வரும் பில் என்னிடம் இரண்டு வேலை நாளுக்கு மேல் இருக்காது. நான் ஊரில் இல்லாவிட்டால் கையெழுத்திட வேறோர் இயக்குநருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள பலகையில் மாதம் ஒருமுறை இரண்டு எண்களை எழுதுவோம். 60 நாளுக்கு மேல் முடிக்கப்படாத சலான் எத்தனை, கெடு தாண்டிய சிறு சப்ளையர் பில் எத்தனை. எண் குறையாவிட்டாலும் எழுதுவோம்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்று. சீட்டு இல்லாமல் சரக்கை எடுக்கச் சொன்னால், யார் சொன்னாலும், நான் சொன்னாலும், சீட்டைக் கேளுங்கள். அதனால் லைன் அரை மணி நேரம் நின்றால் அந்தப் பழி உங்கள் மேல் வராது. டிசம்பர் கடைசி வாரத்தில் இதே இடத்தில், சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்கிறேன். இப்போது கேள்விகளைக் கேளுங்கள்."

இந்த மாதிரியில் மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால், அது சீட்டைக் கேட்டதால் லைன் நின்றால் பழி வராது என்ற வாக்கியம். வரவுச் சீட்டு ஏன் விடுபடுகிறது என்று ஸ்டோர்ஸில் விசாரித்தால், மாதக் கடைசியில் டெஸ்பாட்ச் அவசரத்தில் உற்பத்திப் பிரிவினர் வந்து வார்ப்புகளை நேராக லைனுக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள் என்ற பதில்தான் அடிக்கடி வரும். உற்பத்தி மேலாளரின் மாத இலக்கும் ஸ்டோர்ஸின் ஒழுங்கும் மோதும்போது எது நிற்க வேண்டும் என்று மேலிருப்பவர் வெளிப்படையாகச் சொல்லாதவரை, கீழே இருப்பவர் இலக்கின் பக்கமே சாய்வார். ஆகவே கூட்டத்துக்கு முந்தைய நாள் உற்பத்தி மேலாளரோடு எம்.டி. உட்கார்ந்து இந்த வாக்கியத்தைப் பேசி முடித்திருக்க வேண்டும். அவர் மேடையில் முதன்முறையாக இதைக் கேட்டால், அடுத்த மாதக் கடைசியில் பழைய வழக்கம் திரும்பிவிடும்.

நடவடிக்கை இல்லை என்ற உறுதியின் எல்லையையும் கவனித்து வைத்திருக்கிறேன்: "அந்தக் காரணத்துக்காக" என்ற சொற்கள் அங்கே வேண்டும். பிறகு ஒரு மோசடி வெளிப்பட்டால் அதை இந்த உறுதி காப்பாற்றக் கூடாது. ஏற்கெனவே ஏதேனும் விசாரணை நடந்துகொண்டிருந்தால், அதைப் பற்றி உரையில் ஒரு சொல்லும் வர வேண்டாம். அப்படியானால் 52 வார்ப்புகளைப் பற்றிய பத்தியையும் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே சேருங்கள். தனி ஆட்களின் பெயரும் பட்டறைகளின் பெயரும் எங்கும் வரக் கூடாது. பி.எஃப். பற்றிய வாக்கியத்தை, நிலுவை இல்லை என்று பணம் கட்டிய சலான்களைப் பார்த்து நீங்கள் உறுதி செய்திருந்தால் மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி நேரத்தில் வரக்கூடிய முதல் கேள்வி போனஸ் பற்றியதாகவே இருக்கும். ஆகஸ்டில் கணக்கைப் பற்றிப் பேசினால் தீபாவளி நினைவுக்கு வரத்தான் செய்யும். தகுதியுள்ள ஊழியர்களுக்கு 8.33 சதவீதக் குறைந்தபட்ச போனஸ் லாபத்தையோ ஆடிட்டரின் கடிதத்தையோ பொறுத்தது அல்ல என்று நேராகச் சொல்லலாம். அதற்கு மேல் எவ்வளவு என்பதை அந்த மேடையில் பேசாமல், பேச்சுவார்த்தை நடக்கும் நாளைச் சொல்லி விடுங்கள். "சீட்டு போடத் தெரியாது, கம்ப்யூட்டர் தெரியாது" என்று யாராவது சொன்னால், அது தடை சொல்வதாக எண்ணாமல், செப்டம்பர் 1-க்கு முன்னால் பயிற்சி நடக்கும் நாளை அங்கேயே அறிவித்துவிடுவது நல்லது. ஆகவே அந்த நாளை முன்கூட்டியே முடிவு செய்து எம்.டி.யின் கையில் கொடுத்திருங்கள்.

பலகையில் எழுதும் எண் முதல் இரண்டு மாதங்களில் கூடக் கூடும். இதுவரை பதிவே ஆகாமல் இருந்த சலான்கள் அப்போதுதான் ஏட்டுக்கு வரும். இதை எம்.டி.யிடம் இப்போதே சொல்லி வையுங்கள்; இல்லையென்றால் அக்டோபரில் எண் கூடியதைப் பார்த்து அவர் கோபப்படுவார், ஸ்டோர்ஸில் இருப்பவர்கள் நவம்பரில் எண்ணைக் குறைத்து எழுதத் தொடங்குவார்கள். எண் உண்மையாக எழுதப்படுகிறதா என்று அறிய, மாதம் ஒருமுறை ஐந்து சலான்களை மட்டும் நீங்களே எடுத்து, செக்யூரிட்டியின் கேட் பதிவேட்டில் உள்ள தேதியையும் வரவுச் சீட்டின் தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே ஷிஃப்டில் இருந்தால் திருத்தம் நடக்கிறது. அந்த ஐந்தின் நகலையும் கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த ஏப்ரலில் ஆடிட்டர் கேட்கும் சான்றுகளில் அது இருக்கும்.